விரல் தடம்: பிடிக்காத அன்பளிப்புக்கு எப்படி நன்றி சொல்வது?



மக்தபில் நற்குணங்கள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில், பத்து வயது மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "உஸ்தாத், பெருநாளைக்குப் பெரியம்மா கொடுத்த கவுன் எனக்குப் பிடிக்கவே இல்ல. ஆனா 'ரொம்ப நல்லா இருக்கு'ன்னு சொல்லச் சொல்லி அம்மா சொன்னாங்க. அது பொய்தானே?" என்று கேட்டாள். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. கேள்வியோ சிரிப்புக்குரியதாக இருக்கவில்லை. பொய் பேசாதே என்றும், கொடுத்தவர் மனத்தை நோகடிக்காதே என்றும் ஒரே பாடவேளையில் நாம் கற்பித்திருந்தோம். இரண்டும் மோதும் இடத்தை அந்தப் பிள்ளை சரியாகக் கண்டுபிடித்துவிட்டது.

சிறு விஷயத்தில் சொல்லும் பொய்தானே என்று இதைத் தள்ளிவிடவும் வழியில்லை. அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய தாயார், வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைத்தார். அருகிலிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று அந்தத் தாயிடம் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நபியவர்கள். அபூதாவூதில் இந்தச் செய்தி உள்ளது. பிள்ளைகளை அழைக்கச் சொல்லும் சிறு சொல்லுக்கே இவ்வளவு கணக்கு இருக்குமானால், பிடிக்காத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நாம் தாராளமாக அள்ளி வீசும் புகழுரைகளுக்கும் கணக்கு இருக்கத்தான் செய்யும்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியவில்லை. ஹதீஸ் நூல்களில் இதற்கென்றே சில நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க எமக்கு உதவியது, கொடைக்கானல் மலையில் உள்ள கூக்கால் என்னும் ஊரில் எமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு விவசாயக் குடும்பத்தின் அன்பளிப்புகள்தாம்.

பூம்பாறையைத் தாண்டி, படிப்படியாக இறங்கும் வயல்களும் ஓர் ஏரியும் கொண்ட ஊர் அது. அவர்கள் இந்துக்கள். எம் மாணவர் ஒருவரின் தந்தை அவர்களிடம் காய்கறி எடுத்து வியாபாரம் செய்பவர். அந்த வழியில் ஏற்பட்ட பழக்கம். வீட்டுப் பெரியவரை நாம் அண்ணன் என்போம். அவர் எம்மை 'அசரத்து' என்பார். அந்த வீட்டிலிருந்து யாரும் வெறுங்கையோடு திரும்ப முடியாது. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பிளம்ஸ், மரத்தக்காளி என்று பருவத்தில் எது விளைகிறதோ அது பையில் ஏறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு ஆண்டும் தப்பாமல் வருவது பூண்டு.

கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பொருள். தோளோடும் தாளோடும் கட்டுக் கட்டாகப் பிணைத்து, புகை படும்படி தொங்கவிட்டு வைப்பார்கள். நெடுநாள் கெடாது. சமவெளிப் பூண்டைவிடக் காரமும் மணமும் மிகுதி. அந்த மணந்தான் எமக்குச் சிக்கல். சிறு வயது முதலே பூண்டின் வாடை எமக்கு ஒவ்வாது. கொடுப்பவரோ தம் தோட்டத்தின் ஆகச் சிறந்த பொருளைக் கொடுக்கிறார். விற்றால் நல்ல விலை போகும் கட்டு அது.

இங்கேதான் அபூஅய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வீடு நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த நபி (ஸல்) அவர்கள் தங்கிய வீடு அது. முதலில் கீழ்த்தளத்தில் தங்கினார்கள். பிறகு, நபியவர்களின் தலைக்கு மேலே நடமாடுவதா என்று அபூஅய்யூப் வருந்தியதால் மேல்தளத்துக்கு மாறினார்கள். அபூஅய்யூப் உணவு சமைத்து அனுப்புவார். மிச்சம் திரும்பி வரும்போது, நபியவர்களின் விரல் பட்ட இடம் எது என்று கேட்டு, அந்த இடத்திலிருந்தே எடுத்து உண்பார். ஒருநாள் பூண்டு சேர்த்த உணவை அனுப்பினார். திரும்பி வந்த பாத்திரத்தில் விரல் தடம் இல்லை. உண்ணவில்லை என்று தெரிந்ததும் பதறிப்போய் மேலே ஏறிச் சென்றார். இது ஹராமா என்று கேட்டார். இல்லை, ஆனால் எனக்கு அது விருப்பமில்லை என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள். நீங்கள் வெறுப்பதை நானும் வெறுக்கிறேன் என்றார் அபூஅய்யூப். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள நிகழ்ச்சி இது.

பூண்டு உண்டுவிட்டுப் பள்ளிக்கு வருவது பற்றிய சட்டத்துக்குத்தான் இந்த ஹதீஸை வழக்கமாக எடுத்துக்காட்டுவோம். அன்பளிப்பு பற்றிய பாடமாகப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். கொடுத்தவர் விரல் தடத்தைத் தேடுகிறார். எல்லாக் காலத்திலும் கொடுப்பவர்கள் தேடுவது அதைத்தான். தாம் கொடுத்த புடவையை அடுத்த நிக்காஹ் விருந்தில் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கும் நாத்தனாரும், தாம் துபாயிலிருந்து அனுப்பிய ஃபிளாஸ்க் அடுப்படியில் இருக்கிறதா என்று பார்க்கும் சித்தப்பாவும் அபூஅய்யூபின் வரிசையில் நிற்பவர்களே. வாங்கும்போது நாம் சொன்ன புகழுரை அவர்களுக்குச் சில நாள்களில் மறந்துவிடும். தடம் இல்லாததோ உடனே தெரிந்துவிடும். அதனால் 'அருமை, பிரமாதம்' என்று பொய்யாகப் புகழ்ந்து தப்பிப்பவர் உண்மையில் தப்பிப்பதில்லை. வருத்தத்தைச் சில வாரங்கள் தள்ளிப்போடுகிறார், அதனோடு ஏமாற்றத்தையும் சேர்க்கிறார்.

நபியவர்களின் பதிலைக் கவனியுங்கள். பூண்டைக் குறை சொல்லவில்லை. சமைத்தவரைக் குறை சொல்லவில்லை. ஹராம் என்று சொல்லி எளிதாகத் தப்பிக்கவும் இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அபூஅய்யூப் மறுபேச்சின்றி ஏற்றிருப்பார். எழுவாய் தம்மிடம் இருக்கும்படி அந்த வாக்கியத்தை அமைத்தார்கள்: எனக்கு விருப்பமில்லை. இதே அமைப்பு உடும்பு இறைச்சி நிகழ்ச்சியிலும் உண்டு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் சிறிய தாயார் உம்மு ஹுஃபைத் (ரலி) நெய், உலர்ந்த பாலாடைக்கட்டி, உடும்பு ஆகியவற்றை அன்பளிப்பாக அனுப்பினார். நபியவர்கள் நெய்யிலும் பாலாடைக்கட்டியிலும் எடுத்து உண்டார்கள்; உடும்பை விட்டுவிட்டார்கள். ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டபோது, இல்லை, என் சமூகத்தாரின் மண்ணில் இது இருக்கவில்லை, அதனால் எனக்கு மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். காலித் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்பளிப்பின் ஒரு பகுதி பிடிக்காவிட்டாலும் பிடித்த பகுதியை மனதார உண்டதும், பிடிக்காத பகுதி தம் விரிப்பிலேயே பிறருக்குப் பயன்படுவதைத் தடுக்காமல் விட்டதும் எமக்குப் பெரிய வழிகாட்டுதல்களாகத் தெரிகின்றன.

கூக்கால் பூண்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தோம். முதல் முறை கட்டை நீட்டியபோதே, "அண்ணே, விக்க வேண்டிய கட்டை எடுத்துக் கொடுக்கறீங்க. அல்லாஹ் உங்க தோட்டத்துல பரக்கத்தைக் கொடுக்கட்டும். எனக்குப் பூண்டு வாடை சின்னதுலேருந்தே ஒத்துக்கறதில்ல. ஆனா மதரஸாவுல பசங்க இருக்காங்க, ஒரு வாரத்துல தீர்த்துடுவாங்க" என்றோம். அவர் சிரித்தார். "பூண்டு சாப்பிடாத பாயா!" என்றார். அடுத்த நடையில் கட்டு பெரிதாக இருந்தது. பசங்களுக்கு என்று சொல்லியே கொடுத்தார். விரல் தடம் எங்கே விழப்போகிறது என்பதை வாங்கும்போதே அவருக்குக் காட்டிவிட்டால், அவர் பிறகு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தபின் கமுக்கமாக வேறொருவருக்குத் தள்ளிவிடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

இவ்விடத்தில் நன்றி என்பது எதற்குரியது என்று சற்று நின்று பார்க்க வேண்டும். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகமாட்டார் என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஹதீஸ் வருகிறது. அங்கே நன்றிக்குரியவர் மனிதர். பொருளுக்கு மதிப்பெண் போடச் சொல்லி யாரும் நம்மைக் கேட்கவில்லை. தமிழில் நன்றி சொல்ல வாயெடுத்தால், 'நல்லாருக்கு' என்று பொருளைப் பற்றிய தீர்ப்புத்தான் முதலில் வந்து விழுகிறது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் பொய்யின் பெரும்பகுதி போய்விடும். அதன் இடத்தில் சொல்ல உண்மையான செய்திகள் எத்தனையோ உண்டு: எம்மை நினைத்தது, தூக்கிக்கொண்டு வந்தது, எத்தனை நாள் உழைத்தது, எந்தப் பண்டத்தை விட்டுக்கொடுத்தது. இவற்றில் ஒன்றையேனும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் கொடுத்தவரின் முகம் மலர்வதை எளிதில் காணலாம். ஜஸாக்கல்லாஹு கைரன் என்று சொன்னவர் புகழ்ச்சியை முழுமையாகச் செய்துவிட்டார் என்று திர்மிதியில் வருகிறதல்லவா? அந்தச் சொல்லின் பொருள், அல்லாஹ் உமக்கு நற்கூலி வழங்குவானாக என்பது. பொருளைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை. பிடித்த பொருளுக்கும் பிடிக்காத பொருளுக்கும் மனம் உறுத்தாமல் சொல்லத்தக்க நன்றி அது.

அடுத்த அன்பளிப்பு சற்றுக் கடினமானது. அண்ணனின் மருமகள் கம்பளி நூல் பின்னத் தெரிந்தவர். மலைக் குளிருக்கு வீட்டிலேயே ஸ்வெட்டர், குல்லா எல்லாம் பின்னுவார். ஒரு மார்கழியில் எமக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கலந்த நட்சத்திரங்கள் நெஞ்சிலும் கைகளிலும் வரிசையாக இருந்தன. வெள்ளை ஜுப்பா அணிந்து இமாமத் செய்ய நிற்கும் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டால், பின்வரிசைப் பிள்ளைகள் நட்சத்திரங்களை எண்ணி முடித்துவிட்டுத்தான் ருகூவுக்குப் போவார்கள்.

நபி (ஸல்) அவர்களுக்கு அபூஜஹ்ம் (ரலி) வேலைப்பாடுள்ள மேலாடை ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அதை அணிந்து தொழுதபோது அதன் கோலங்கள் மீது நபியவர்களின் பார்வை சென்றது. தொழுகை முடிந்ததும், இதை அபூஜஹ்மிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள வேலைப்பாடில்லாத முரட்டுத் துணி மேலாடையை எனக்கு வாங்கி வாருங்கள், இது என் தொழுகையில் கவனத்தைத் திருப்பிவிட்டது என்று சொன்னார்கள். ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. திருப்பி அனுப்பியதோடு நிறுத்தவில்லை. அதே மனிதரிடமிருந்து வேறொன்றைக் கேட்டு வாங்கினார்கள். ஏன்? தம் அன்பளிப்பை இழிவாக எண்ணித் திருப்பினார்கள் என்று அபூஜஹ்ம் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே வேறு ஆடையைக் கேட்டார்கள் என்று புகாரியின் விரிவுரையாளர் இப்னு பத்தால் (ரஹ்) விளக்குகிறார்.

திருப்பிக் கொடுத்தல் என்ற செயலே புண்படுத்தும் என்று பொதுவாக எண்ணுகிறோம். உன்னிடமிருந்து எனக்கு எதுவும் வேண்டாம் என்ற செய்தி அதில் ஒளிந்திருப்பதே அதற்குக் காரணம். வேறொன்றைக் கேட்டவுடன் அந்தச் செய்தி மாறிப்போகிறது. உம்மிடமிருந்து பெறுவது எமக்கு வேண்டும், இந்தக் கோலங்கள் மட்டுமே தடை என்றாகிவிடுகிறது.

நாம் ஸ்வெட்டரைத் திருப்பவில்லை. திருப்பத் தேவையும் இல்லை. தொழுகைக்கு வெளியே அதை அணிவதில் ஒரு தடையும் இல்லை. "இதுக்கு எத்தனை நாள் ஆச்சும்மா?" என்று கேட்டோம். இருபது நாள் ஆயிற்றாம். ஆடு, மாடு, தோட்ட வேலை போக, இரவில் பின்னியது. "இருபது ராத்திரி எங்களுக்காக உக்காந்திருக்கே! இந்தக் குளிருக்கு வீட்டுலயும் பஸ்ஸுலயும் போட்டுக்கறேன். தொழுகையில மட்டும் பூ வேலை உள்ள துணியை நாங்க தவிர்த்துக்குவோம், கவனம் போயிடும்னு. மிச்ச நூல் இருந்தா, ஒரே நிறத்துல எனக்கு ஒரு குல்லா பின்னித் தர முடியுமா?" என்றோம். சாம்பல் நிறத்தில் குல்லா வந்தது. ஃபஜ்ருத் தொழுகைக்கு அதுதான் எம் தலையில் இருக்கிறது. கூக்கால் போகும் நாள்களில் நட்சத்திர ஸ்வெட்டர் கட்டாயம் உடம்பில் இருக்கும். தடம் தேடுபவருக்கு அது தென்பட வேண்டுமே. பேருந்தில் சிலர் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். பார்க்கட்டும்.

ஆனால் வேறொன்றைக் கேட்கும் இந்த வழி எல்லாரிடமும் செல்லாது. நெருக்கம் இருக்க வேண்டும். கேட்பது கொடுத்ததைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கடையில் விலைகொடுத்து வாங்கி வந்தவரிடம், வேறு நிறம் மாற்றித் தாருங்கள் என்பது பெரும்பாலும் அவருக்குச் சுமையாகவே முடியும். அப்படிப்பட்ட இடத்தில் துஆவோடு பெற்றுக்கொண்டு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இதுவரை சொன்னவை பிடிக்காத பொருள்கள் பற்றியவை. மார்க்கம் தடுத்திருப்பதால் பயன்படுத்த முடியாத பொருள் வந்தால் என்ன செய்வது? தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்களுக்கு இது தொலைதூரக் கேள்வியே அன்று. பழனி அடிவாரத்தில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு மலைக் கிராமங்களிலிருந்தும் நடந்தே செல்கிறார்கள். அண்ணனும் செல்வார். திரும்பி வரும்போது பஞ்சாமிர்த டப்பாவை எமக்கென்று தனியாக எடுத்து வந்திருந்தார். மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் கலந்த இனிப்பு. பண்டங்களில் ஹராமானது ஒன்றுமில்லை. ஆனால் சந்நிதியில் படைத்துப் பெற்றது என்று அவரே சொன்னார்.

ஒன்றும் சொல்லாமல் சிரித்தபடி வாங்கிக்கொண்டு, ஊர் தாண்டியதும் போட்டுவிடும் வழக்கம் நம் மக்களிடம் உண்டு. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், நல்லிணக்கம் கெடக் கூடாது என்று. எமக்கு அதில் உடன்பாடில்லை. உணவு வீணாகிறது, கொடுத்தவரின் பக்தி குப்பைக்குப் போகிறது, இரண்டையும் ஒரு பொய்ச் சிரிப்பு மூடிவைக்கிறது. குப்பையில் அந்த டப்பாவைக் கொடுத்தவரே பார்க்க நேர்ந்தால் எத்தனை ஆண்டு நட்பும் அந்த ஒரு காட்சியில் முடிந்துவிடும்.

ஸஅப் பின் ஜஸ்ஸாமா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இந்த இடத்துக்கென்றே அமைந்தது. நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் கட்டி மக்கா நோக்கிச் செல்லும் வழியில், அப்வா என்ற இடத்திலோ வத்தான் என்ற இடத்திலோ, அவர் ஒரு காட்டுக் கழுதையை வேட்டையாடி அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். அது உண்ண ஆகுமான பிராணிதான். ஆனால் இஹ்ராமில் இருப்பவர்களுக்காக வேட்டையாடப்பட்டதை அவர்கள் ஏற்க முடியாது. நபியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்ததும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். அதில் தெரிந்த வாட்டத்தைக் கண்டு, நாம் இஹ்ராமில் இருக்கிறோம், அதற்காகவே அன்றி வேறெதற்காகவும் இதை உம்மிடம் திருப்பவில்லை என்று விளக்கினார்கள்.

இந்த ஹதீஸில் எம்மை நிறுத்துவது அந்த முகத்தைப் பார்த்த பார்வைதான். மறுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வது மனித இயல்பு. சங்கடத்தைப் பார்க்க நமக்கு விருப்பமில்லை. நபியவர்கள் பார்த்தார்கள், பார்த்ததனால்தான் காரணம் சொல்ல வேண்டிய தேவை தெரிந்தது. சொன்ன காரணமும் இரண்டே பகுதி கொண்டது. தடை எம் நிலையில் இருக்கிறது, உம்மிடம் குறை எதுவும் இல்லை. நீண்ட மார்க்க விளக்கம் அங்கே இடம்பெறவில்லை.

அண்ணனிடம் நாமும் அந்த அளவோடு நிறுத்தினோம். "அண்ணே, அத்தனை தூரம் நடந்த களைப்புலயும் எங்களை நினைச்சு எடுத்துட்டு வந்தீங்களே, அதை நாங்க மறக்க மாட்டோம். படைச்சதைச் சாப்பிடக் கூடாதுன்னு எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு. வாங்கிட்டுப் போய்ப் போடாம வைக்கறதைவிட உங்ககிட்டயே சொல்லிடறது நல்லதுன்னு தோணுது. உங்க மேல வேற எதுவும் இல்லண்ணே." அவர் சிறிது நேரம் பேசவில்லை. முகத்தில் ஒரு மாற்றம் இருந்தது. இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். பிறகு, "தெரியும் அசரத்து. ஆனா எல்லா வீட்டுக்கும் கொடுத்துட்டு உங்க வீட்டை விட்டா மனசு கேக்காதுல்ல" என்றார். டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினார். நாம் எழுந்து போய்விடவில்லை. அவர் வீட்டுக் கடுங்காப்பியை இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, நடைப்பயண அனுபவங்களை முழுவதும் கேட்டுவிட்டே கிளம்பினோம். மறுத்தபின் உடனே கிளம்பாமல் அமர்ந்திருப்பது அவசியம் என்று எமக்குத் தோன்றியது. அடுத்த தைப்பூசத்துக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வந்தது. "இது நேரா மரத்துலேருந்து வருது, யாருக்கும் வைக்கல" என்று சொல்லிக் கொடுத்தார்.

படைத்த தாவர உணவு பற்றி ஆலிம்களிடையே உரையாடல்கள் உண்டு. வாங்கி, அது யாருக்கு ஆகுமோ அவருக்குக் கொடுத்துவிடலாம் என்போரும் உளர். உமர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் பட்டாடை ஒன்றைக் கொடுத்தனுப்பியபோது, நீர் அணிவதற்காக இதைத் தரவில்லை என்று விளக்கினார்கள். உமர் அதை மக்காவில் இருந்த, அப்போது இஸ்லாத்தை ஏற்காத தம் சகோதரருக்குக் கொடுத்தார். ஒரு பொருளை உடைமையாக ஏற்பதும் அதைத் தாமே பயன்படுத்துவதும் வேறு வேறு என்பது இதிலிருந்து தெரிகிறது. நிக்காஹில் மாமனார் வீட்டார் மாப்பிள்ளைக்குத் தங்க மோதிரம் போடும் வழக்கத்துக்கு இது நேராகப் பொருந்தும். ஆண் அதை அணியக் கூடாது. ஆனால் மணமேடையில் வைத்து, ஹராம் என்று உரத்த குரலில் பயான் செய்யவும் வேண்டாம். கையில் வாங்கி, "மாமா, இது உங்க மகள் விரல்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டால் நன்றியும் நிறைந்தது, சட்டமும் நிறைந்தது. பஞ்சாமிர்தம் போன்றவற்றில் தத்தம் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். எந்தக் கருத்தை எடுத்தாலும் காரணத்தை அப்போதே சொல்வது எளிது. ஆறு மாதம் கழித்துச் சொல்வது மிகக் கடினம்.

இனி, மாணவியின் கேள்வியில் மறைந்திருந்த கடினமான பகுதி ஒன்று மிச்சம் இருக்கிறது. நன்றி சொல்லி முடித்த பிறகும் கொடுத்தவர் விடாமல், "பிடிச்சிருக்கா?" என்று நேராகக் கேட்டால்? மஆரீழ் என்று அரபியில் சொல்லப்படும் மறைமுகப் பேச்சு இங்கே உதவும். உண்மையான ஒன்றைச் சொல்லி, சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் விடுவது. அதில் பொய்யிலிருந்து தப்ப வழியிருக்கிறது என்பது இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களின் கூற்று. இமாம் நவவீ (ரஹ்) அல்அத்காரில் இதற்கு எல்லையும் வகுக்கிறார்: தேவைக்கும் நன்மைக்கும் பேசலாம், தேவையின்றிப் பேசுவது வெறுக்கத்தக்கது, பிறர் உரிமையைப் பறிக்கப் பேசினால் ஹராம். ஆகவே பிடித்திருக்கிறதா என்று கேட்டால், பொருளில் உண்மையிலேயே நமக்குப் பிடித்த பகுதியைத் தேடிச் சொல்லலாம். "உள்ள கதகதன்னு இருக்கு" என்பது அந்த ஸ்வெட்டரைப் பற்றிய முழு உண்மை. கவுனின் நிறம் பிடிக்காத பிள்ளைக்கு அதன் பாக்கெட் பிடித்திருக்கலாம். அந்த மாணவியிடம் கேட்டபோது, பாக்கெட் இரண்டு இருக்கிறது என்று யோசித்துச் சொன்னாள்.

கணவன் மனைவிக்கிடையே இதில் இன்னும் சற்று விரிவான இடம் உண்டு என்று ஆலிம்கள் கூறுகிறார்கள். மனைவி ஆசையோடு சமைத்ததை அளவுக்கு மேல் புகழ்ந்துவிட்ட கணவர்கள் தூக்கம் இழக்க வேண்டியதில்லை.

ஆனால் 'பிடிச்சிருக்கா?' என்ற அதே கேள்வி சில வேளைகளில் வேறு பொருளில் வரும். அண்ணனின் மருமகள் இரண்டாம் ஆண்டில் எம்மிடம் ஒரு ஸ்வெட்டரை விரித்துக் காட்டினார். நூல் வாங்கக் கடன் எடுத்திருந்தார். கொடைக்கானலில் சீசனுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளிடம் விற்கலாம் என்று எண்ணியிருந்தார். "போட்டுப் பார்த்தவங்க நீங்கதான், எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றார். இங்கே அவர் தேடியது விரல் தடத்தை அன்று. ஆலோசனை கேட்கப்பட்டவர் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும் என்று ஹதீஸ் சொல்வது இத்தகைய கேள்விக்குத்தான். கதகதப்பை மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்திருந்தால், அவருடைய கடனில் எம் மௌனத்துக்கும் பங்கிருந்திருக்கும்.

கழுத்து இறுக்கமாக இருக்கிறது, தலை நுழைய வலிக்கிறது என்றோம். கை ஒன்று மற்றதைவிட ஒரு விரற்கடை நீளம் என்றோம். நட்சத்திரங்களைக் குறைத்து ஒரே நிறத்தில் சிலவற்றைப் பின்னினால் எம்மைப் போன்றவர்களும் வாங்குவார்கள் என்றோம். அவர் முகம் சற்றே சுருங்கியது. பிறகு ஊசியை எடுத்து, எம் கண்ணெதிரிலேயே கழுத்துப் பகுதி நூலைப் பிரிக்கத் தொடங்கினார். "இதைப் போன வருசமே சொல்லியிருக்கலாம்ல அசரத்து?" என்றார்.

"போன வருசம் நீ கேக்கலையேம்மா. கொடுத்தே" என்றோம்.